பலகையின் கீழ்வரி

புருசன் சுகிர்தன் இறந்த பிறகு கடையைத் திறந்த தயாளினிக்கு, ஆட்கள் ஏன் வருவதில்லை என்பது சில கிழமைகளாகப் பிடிபடவில்லை. உட்துறைமுக வீதியில் வள்ள எஞ்சின் திருத்தும் கடை அது. புருசனிடம் தொழில் பழகிய வினோதன் இன்னும் வேலைக்கு வந்துகொண்டிருந்தான். கை சுத்தமான வேலைக்காரன்தான். ஆனாலும் எஞ்சின்கள் வேறு கடைகளுக்குப் போயின.

ஒருநாள் வாசலில் நின்ற மீனவர் ஒருவர் பெயர்ப்பலகையை நிமிர்ந்து பார்த்துவிட்டு உள்ளே வராமல் திரும்பினார். அப்போதுதான் அவளும் அதை வாசித்தாள். மேலே ‘சுகிர்தன் மரைன்’. கீழே, அவனே ஆசையாக எழுதுவித்த வரி: ‘நடுக்கடலில் கைவிடாது’.

தான் திருத்திய எஞ்சினைச் சோதிக்கத் தனியே போனவன் அவன். எஞ்சின் நின்றுவிட்டது. காற்றில் வள்ளம் கவிழ்ந்து, உடல் கிண்ணியாக் கரையில் ஒதுங்கியது. துறைமுகம் முழுக்க அறிந்த கதை.

அந்த வரியை மாற்ற முடிவெடுத்தாள் தயாளினி. பெயரையும் சேர்த்து மாற்றிவிடச் சொன்னார் புருசனின் தமையன் யோகலிங்கம். செத்தவன் பெயர் கடைக்குக் கூடாதாம். ‘நம்பிக்கை எஞ்சின் திருத்தம் மற்றும் உதிரிப்பாக நிலையம்’ என்று போட்டால் எல்லா வேலையும் அதில் அடங்கிவிடுமாம். அவரும் அவளோடு பலகை அடிக்கும் பாஹிமிடம் வந்தார்.

பாஹிம் அவசரப்படாமல் கேட்டான். “அக்கா, ஆக்கள் போனில என்னெண்டு கேக்கிறவங்க?”

“சுகிர்தன்ட கடையோ எண்டு.”

“அப்ப அந்தப் பேர் உங்களுக்கு வேணும். ஆக்கள் தேடி வாறது அதாலதான். நம்பிக்கை எண்டு பேரிலயே வச்சா, ஒரு எஞ்சின் பிழைச்சாலும் பேரே பொய்யாகிடும். செய்யிற வேலையெல்லாத்தையும் பேருக்குள்ள அடைச்சா ஒருத்தருக்கும் வாயில வராது. நாளைக்கு வலையும் வித்தா பேரை மாத்தோணும். கீழ்வரி அப்பிடியில்லை, எப்பவும் மாத்தலாம்.”

மரைன் என்றால் சுற்றுலாக்காரர் வள்ள வாடகை என்று நினைத்து வருவதும் அவளுக்கு நினைவுக்கு வந்தது. பெயர் சொல்லாததை அந்த வரிதான் சொல்ல வேண்டும் என்றான் பாஹிம். ‘கடலறிந்த கைகள்’ என்று எழுதட்டா என்றும் கேட்டான்.

“வேண்டாம் தம்பி. ஒண்டுக்கும் வாக்குக் குடுக்க என்னால ஏலாது. வள்ள எஞ்சின் திருத்தமும் உதிரிப்பாகமும். அவ்வளவுதான் போடுங்கோ.”

யோகலிங்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வெளியே போனார். அதற்குப் பிறகு அவர் கடைப்பக்கம் வரவில்லை.

புதுப் பலகை ஏறியது. பழைய ஆட்களில் பாதிப் பேர் மெல்ல மெல்லத் திரும்பினார்கள், மற்றவர்கள் திரும்பவேயில்லை. சோதனைக்கு இனி இரண்டு பேராகத்தான் போவது என்று வினோதனிடம் கட்டாயமாகச் சொல்லிவைத்தாள்.

போன் அடித்தால் அவள்தான் எடுக்கிறாள். “சுகிர்தன் மரைன்” என்று சொல்லித்தான் தொடங்க வேண்டும். தூர இடத்து ஆட்கள் சிலருக்கு இன்னும் செய்தி தெரியாது. சுகிர்தனைக் கூப்பிடச் சொல்வார்கள். அவள் பேனையை எடுத்துக்கொண்டு, எஞ்சினுக்கு என்ன வருத்தம், என்ன கோளாறு என்று கேட்பாள்.