படிக்கட்டின் நடுவே ஒரு டப்பா

வீடுகளுக்கு ஒயர் இழுப்பதும் இணையம் கட்டிக் கொடுப்பதும் அவர் தொழில். சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு வேலை செய்வதால் பல்லி என்று பெயர் வைத்தார்கள். கோபப்படவே மாட்டார். வேலை தொடங்குமுன் கண்ணை மூடி ஒரு நிமிடம் கடவுளை நினைத்துக்கொள்வார். யார் வீட்டிலும் குரலை உயர்த்தியதில்லை.

அவருக்குப் பெரிய கவலை மனைவியின் அண்ணனும் தம்பியும்தான். அப்பா செத்த பிறகு வீட்டைக் கீழும் மேலுமாகப் பிரித்துக்கொண்டார்கள். பேச்சும் அதோடு நின்றது. இருவருக்கும் பொதுவாக மிஞ்சியது ஓர் இணைய இணைப்பு. அதன் ரூட்டர் கீழே, அண்ணனின் முன்னறையில். தம்பியின் வீடியோ கேம் பெட்டியோ மாடியின் பின்னறையில், ஒரு கான்கிரீட் தளத்துக்கும் இரண்டு சுவர்களுக்கும் அப்பால். போட்டி போட்டு விளையாடுகிறவன் அவன். முக்கியமான நேரத்தில் படம் உறைந்துபோகும். அண்ணன்தான் வேண்டுமென்றே நிறுத்துகிறான் என்று பல்லைக் கடிப்பான்.

ரூட்டரின் சிக்னலைப் பிடித்து மேலும் தூரம் பரப்பும் மெஷ் டப்பா ஒன்றை அவனே வாங்கிப் பெட்டிக்குப் பக்கத்திலேயே வைத்தான். "பாருங்க அத்தான், சிக்னல் முழுசா இருக்கு. நெட்டு மட்டும் வரல. கீழ கைய வச்சுட்டான்!"

"அது டப்பாவுக்கும் உன் பெட்டிக்கும் நடுவுல உள்ள சிக்னல்டா மச்சான். டப்பாவுக்கே ரூட்டர் கேக்கணுமே. பட்டினி கெடக்குறவன்கிட்ட சோறு கேட்டா எப்படி?"

சுவரைத் துளைத்து ஒயர் இழுக்க அண்ணன் விடமாட்டார். ஆகவே பல்லி வேறு வழி எடுத்தார். மின்சார ஒயரிலேயே இணையத்தை ஏற்றி அனுப்பும் இரண்டு பவர்லைன் அடாப்டர்கள். கீழே ரூட்டரின் பக்கத்தில் இரண்டையும் ஜோடி சேர்த்தார். பச்சை விளக்கு எரிந்தது. ஒன்றைக் கீழே விட்டு மற்றதை மாடியில் செருகினார். சிவப்பு. நீட்டிப்புப் பலகையில் போட்டால் சிக்னல் செத்துவிடும் என்பதால் சுவர்ப் பிளக்கிலேயே நேராகச் செருகினார். அப்போதும் சிவப்பு.

"பச்சையா இருந்துச்சுல்ல அத்தான்? நீங்க மேல வந்ததும் அணைச்சுட்டான்."

"இரு மச்சான், அவசரப்..."

அவன் நிற்கவில்லை. கதவோரம் கிடந்த இரும்புக் கம்பியை எடுத்துக்கொண்டு நான்கு நான்காகப் படியில் இறங்கினான். பல்லி பின்னால் ஓடினார்.

முதல் அடி தொலைக்காட்சியின் மேல் விழுந்தது. இரண்டாவது அடி அண்ணனின் காதைக் கிழித்தது.

"என்னைக் கொல்லவா வந்த, நாயே!" அண்ணன் நாற்காலியைத் தூக்கித் தம்பியின் நெஞ்சில் இறக்கினார். இருவரும் கண்ணாடிச் சில்லுகளின் மேல் உருண்டார்கள். தம்பியின் முட்டி அண்ணனின் தொண்டையில் ஏறியது. கம்பி மறுபடி உயர்ந்தது.

பல்லி இடையில் விழுந்தார். கம்பி அவர் முன்கையில் இறங்கியது. காய்ந்த குச்சி முறிகிற சத்தம். அந்த வலியில்தான், வாசலுக்கு மேலே இருந்த இரண்டு மின்சார மீட்டர்கள் அவர் கண்ணில் பட்டன. பாகம் பிரித்தபோது மாடிக்குத் தனி மீட்டர் வைத்தது யார்? அவரேதான். அவர் கையாலேயே இந்த வீட்டு மின்சாரத்தை இரண்டாக வெட்டியிருந்தார்.

"நிறுத்துங்கடா! ரெண்டு மீட்டர்! மேல வேற லைனு, கீழ வேற லைனு. அதைத் தாண்டி இது ஒழுங்கா வராது. உங்கண்ணன் எதையும் தொடல. பிரிச்சது நான். மறந்துபோனதும் நான்!"

தம்பியின் கை தொங்கியது. அண்ணன் காதைப் பொத்திக்கொண்டு எழுந்தார். விரலிடுக்கில் ரத்தம். சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டிலிருந்து ஓடிவந்த பல்லியின் மனைவி முதலில் தம்பியை அறைந்தாள். பிறகு, என்ன நினைத்தாளோ, அண்ணனையும் ஓர் அறை.

"என்னை ஏம்மா அடிக்கிற?"

"நாற்காலியை எடுத்ததுக்கு."

ஆஸ்பத்திரியில் அண்ணனுக்குத் தையல், பல்லிக்குக் கட்டு. திரும்பி வந்ததும் பல்லி மாடிக்குப் போய் அந்த மெஷ் டப்பாவை ஒற்றைக் கையால் எடுத்துவந்தார். பாதி வழி, படிக்கட்டின் திருப்பம். ரூட்டர் அங்கே நன்றாகக் கேட்கும். அங்கிருந்து மாடிக்குக் கதவு மட்டும்தான் தடை. ஆனால் அந்தத் திருப்பத்தின் பிளக் கீழ் மீட்டரைச் சேர்ந்தது. இறங்கி அண்ணனிடம் போனார்.

"மச்சான், கரண்ட் உங்களோடது. ஒயர் போட்ட மாதிரி வேகம் வராது. ஆனா கழுத்தறுக்காது."

அண்ணன் காதுத் தையலைத் தொட்டுப் பார்த்தார். "போட்டுத் தொலைங்க மாப்ள. ஆனா இந்தப் படியிறங்கி என் வீட்டுக்குள்ள அவன் கால் பட்டுச்சு, இன்னொரு கையும் முறியும். யாரோடதுன்னு கேக்காதீங்க."

டப்பாவின் விளக்கு நிலையாக எரிந்தது. மாடியில் விளையாட்டின் துப்பாக்கிச் சத்தம் தடங்கலில்லாமல் ஓடியது. ஒவ்வொரு வெடிக்கும் கீழே அண்ணனின் தாடை இறுகியது.

"வீட்டுக்கு வாங்க, வலிக்கும்," என்றாள் மனைவி.

"நீ போ. நான் இங்கேயே கொஞ்சம் உக்காந்துக்குறேன்."

யார் ஏறினாலும் இறங்கினாலும் அவரைத் தாண்டித்தான் போகவேண்டும். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்து, அந்தத் திருப்பத்தை அடைத்தாற்போல் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.