கார் விலையில் ஒரு ரிப்பேர்

அந்தப் பகுதியில் அவளை எல்லோரும் டிரைவிங் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவளைவிட மூத்தவர்களும் அப்படித்தான். இரண்டு கார்களை வைத்து ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்தினாள். வண்டி எதிரே வரும் லாரியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தாலும் "கொஞ்சம் இடது பக்கம் வாங்க" என்பதைக் காய்கறி விலை கேட்கும் குரலில்தான் சொல்வாள். கத்தினால் கற்றுக்கொள்பவர் பிரேக்குக்குப் பதில் ஆக்சிலேட்டரை மிதிப்பார் என்பது அவள் அனுபவம்.

வருமான வரி அலுவலகத்திலிருந்து நோட்டீஸ் வந்தபோதும் அவள் கத்தவில்லை. கதவருகே நின்று ஒருமுறை படித்தாள், உட்கார்ந்து ஒருமுறை படித்தாள். கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் அவள் கணவர் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

"ஏங்க, போன வருஷம் நம்ம வண்டிக்கு ரிப்பேர் செலவு எவ்வளவு ஆச்சு?"

"ஒரு கிளட்ச் மாத்தினோம். கண்ணாடி ஒண்ணு உடைஞ்சுது."

"ஒரு புதுக் கார் வாங்குற அளவுக்கு ஆச்சுன்னு போட்டிருக்கு."

"யாரு போட்டிருக்கா?"

"நான்தான். கீழ என் கையெழுத்து இருக்கு."

ஆடிட்டருக்குப் போன் செய்தாள். அந்தத் தெருக் கடைக்காரர்களில் பாதிப் பேருக்கு அவர்தான் கணக்குப் பார்த்தார். மென்மையான மனிதர். "நோட்டீஸெல்லாம் சகஜம்மா. ஒரு பதில் போட்டா போயிடும்" என்றார். அடுத்த முறை போன் செய்தபோதும் அதையே சொன்னார். மூன்றாவது முறை அவள் போன் செய்யவில்லை. நேரில் போனாள்.

அவர் அறையில் ஃபைல்கள் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தன, வந்தவர்கள் நின்றார்கள். அவர் ஒரு ஃபைலை இறக்கி அவளுக்கு இடம் கொடுத்துவிட்டு, கம்ப்யூட்டரில் அவள் கணக்கைத் திறந்தார். மேலும் கீழும் நகர்த்திப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அழுக்கு எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை.

நடந்தது இதுதான். அந்த வருடம் அவள் இரண்டாவது காரை வாங்கிய ஷோரூமும், வண்டிகளைச் சர்வீசுக்கு விடும் இடமும் ஒன்றே. பேங்க் கணக்கில் அந்தப் பெயரைப் பார்த்ததும் ஆடிட்டரின் சாஃப்ட்வேர் முழு விலையையும் ரிப்பேர் செலவில் சேர்த்துவிட்டது. அவள் அனுப்பிய கார் பில்லைப் பார்த்து ஆடிட்டர் தன் கையாலேயே அதைச் சொத்துப் பட்டியலிலும் ஏற்றி, அந்த வருடத்துக்கான தேய்மானத்தையும் கழித்திருந்தார். வண்டி விலையை ஒரே வருடத்தில் செலவாகக் கழிக்க முடியாது, வருடா வருடம் தேய்மானமாகத்தான் கழிக்க வேண்டும். இங்கே இரண்டும் நடந்திருந்தது. லாபம் குறைந்து, வரியும் குறைந்துவிட்டது. அவளும் "இந்த வருஷம் பரவாயில்லையே" என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டிருந்தாள்.

"பதில்ல உண்மையைச் சொல்லி ஒத்துக்கறதுதான் நல்லது" என்றார் ஆடிட்டர்.

"சரி, எழுதுங்க."

ஒத்துக்கொண்டு பதில் போனது. வரி அலுவலகம் திருத்திய கணக்கை அனுப்பியது: விட்டுப்போன வரி, அதற்கு வட்டி, அதன் மேல் அபராதம். எல்லாவற்றையும் கெடுவுக்குள் கட்டினாள். தன் மகள் பெயரில் சேர்த்துக்கொண்டிருந்த வைப்பு நிதியை உடைக்க வேண்டியிருந்தது. அபராதத்தையாவது திருப்பித் தரும்படி ஆடிட்டர் ஒரு மனு எழுதிக் கொடுத்தார். அதை எடுத்துக்கொண்டு போனபோது கவுண்டரில் இருந்த அம்மாள் முழுவதையும் பொறுமையாகப் படித்தார்.

"ஆடிட்டர் தப்புன்னு எழுதியிருக்கீங்க. கையெழுத்து யாரோடது?"

"என்னோடது."

"அப்ப எங்களைப் பொறுத்தவரைக்கும் தப்பும் உங்களோடதுதாம்மா. அவருக்கும் உங்களுக்கும் இருக்கறதை நீங்க ரெண்டு பேரும் பேசித் தீர்த்துக்கணும்."

மனு தள்ளுபடியானது. அந்த அம்மாள் சொன்னதில் தவறில்லை என்று அவளுக்கும் பட்டது. அதுதான் எரிச்சலாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ஆடிட்டருக்கு ஒரு கடிதம் எழுதினாள். வந்திருந்த தம்பி, "வக்கீல் நோட்டீஸ் விடுக்கா, ஒரு வழி பண்ணிடலாம்" என்றான். கணவர், "மன உளைச்சல்னு ரெண்டு வார்த்தை சேரு. கட்டின மொத்தத்தையும் கேளு" என்றார்.

"வரி நான் கட்ட வேண்டியதுதானே? ஒழுங்கா எழுதியிருந்தா அப்பவே கட்டியிருப்பேன்."

"அப்ப வட்டி?"

"அந்தப் பணம் அதுவரைக்கும் என் பேங்க்லதான் இருந்துச்சு. அதையும் அவர்கிட்ட கேக்கறது நியாயமில்ல."

"உளைச்சல்?"

"அதுக்கு ரசீது இல்ல."

கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டவில்லை. கார் பில்லை எந்தத் தேதியில் அனுப்பினேன், அது எங்கே இரண்டு முறை ஏறியது, அதனால் என்ன அபராதம் வந்தது என்று எழுதினாள். "வரியும் வட்டியும் என்னுடையவை. அபராதத் தொகையை நீங்கள் ஏற்க வேண்டும். நோட்டீசுக்குப் பதில் எழுதிய வேலைக்குக் கட்டணம் கேட்கக் கூடாது. மாதக் கடைசிக்குள் பதில் வராவிட்டால் உங்கள் தொழில் சங்கத்தில் புகார் செய்வேன்" என்று முடித்து, நகல்களை இணைத்துப் பதிவுத் தபாலில் அனுப்பினாள். தம்பி படித்துவிட்டு, "இதுல திட்டவே இல்லையே" என்றான்.

சில நாள் கழித்து ஆடிட்டரே பயிற்சிப் பள்ளிக்கு வந்தார். கார் துடைக்கும் துணிகள் காயும் கொடிக்கு அடியில் குனிந்து வந்து நின்றார்.

"கடிதம் கிடைச்சுது. எனக்குத் தொழில் இன்சூரன்ஸ் இருக்கு, இந்த மாதிரிக்குத்தான். அவங்களுக்குத் தெரிவிச்சேன். விசாரிச்சு முடிக்கற வரைக்கும் தப்பை ஒத்துக்கற மாதிரி எதுவும் எழுத்துல தரக் கூடாதாம்."

"அதான் நேர்ல சொல்ல வந்தீங்களா?"

"நேர்லயும் சொல்லக் கூடாதாம்."

"பின்ன எதுக்கு வந்தீங்க?"

அவர் யோசித்தார். "சும்மா இருக்க முடியல. அதான் வந்தேன்."

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு, டீ கொடுத்தாள். அவர் எதையும் ஒத்துக்கொள்ளாமல் முழுதாகக் குடித்தார். போகும்போது, "பாப்பா பேர்ல இருந்த டெபாசிட்டை உடைச்சிட்டீங்கன்னு கேள்விப்பட்டேன்" என்றார். மறுபடி கொடிக்கு அடியில் குனிந்து வெளியே போனார்.

இன்சூரன்ஸ்காரர்கள் கேட்ட நகல்களையெல்லாம் அவள் அனுப்பினாள். கடைசியில், "எவ்விதப் பொறுப்பையும் ஏற்காமல்" என்று தொடங்கும் கடிதத்தோடு அபராதத் தொகை முழுவதும் வந்தது. பாலிசிப்படி அதில் முதல் பங்கு ஆடிட்டர் தன் கையிலிருந்து போட வேண்டியது, போட்டிருந்தார். தொகையைப் பெற்றுக்கொண்டேன், இதற்கு மேல் கோரிக்கை இல்லை என்று அவள் கையெழுத்திட வேண்டியிருந்தது. ஒவ்வொரு சொல்லாகப் படித்துவிட்டுத்தான் போட்டாள். பணம் நேராக மகளின் பெயருக்குப் போனது.

பிறகு மறுபடி கணக்குக் கொடுக்கும் காலம் வந்தது. அவள் அதே ஆடிட்டரிடம் போகப் போவதைக் கேட்டுத் தம்பி தலையில் அடித்துக்கொண்டான்.

"உனக்கு வேற ஆளே கிடைக்கலையா அக்கா?"

"புதுசா ஒருத்தர்கிட்ட போனா, இந்தத் தப்பை அவர் இனிமேதான் பண்ணணும். இவர் பண்ணி முடிச்சிட்டார்."

ஆனால் இந்த முறை தாளை வாங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வரவில்லை. ஒரு முழுக் காலை அவர் அறையில் உட்கார்ந்து, ஒவ்வொரு தொகைக்கும் "இது என்னது?" என்று கேட்டாள். வெளியே காத்திருந்த துணிக்கடைக்காரர் இருமுறை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். ஆடிட்டர் முதலில் நெளிந்தார், பிறகு பழகிப்போய் அவரே, "அடுத்தது பெட்ரோல்" என்று விளக்கத் தொடங்கினார். பெட்ரோல் கணக்கு சரியாக இருந்தது. தொலைபேசிக் கட்டணம் மட்டும் குறைவாக இருப்பதாக அவளுக்குத் தோன்றியது. தேடிப் பார்த்தார்கள். அந்தத் தப்பு அவளுடையது: ஒரு பில்லைக் கொடுக்க மறந்திருந்தாள்.