நாற்பது லட்சத்துக்கு நான் போட்ட காவல்

கடனுக்குப் போன சரக்கு வருமானவரிக் கணக்கில் வராது என்று நான் நெடுங்காலம் நம்பியிருந்தேன். கல்லாவுக்குள் விழுகிற ரொக்கம்தான் விற்பனை, மற்றதெல்லாம் வாய்ப்பேச்சு என்பது என் சித்தாந்தம். இந்த அறிவோடுதான் திருச்சியில் ஒரு வெங்காய மண்டிக்குக் கணக்குப்பிள்ளையாக இருந்தேன்.

நான் இலங்கையில் சரவணை என்ற ஊர்க்காரன். எண்பத்து மூன்று கலவரத்தில் கொழும்பில் நான் கணக்கெழுதிய கடை எரிந்தது. அடுத்த வருடம் வள்ளம் ஏறி இக்கரைக்கு வந்து சேர்ந்தேன். மண்டி முதலாளி எங்கள் பக்கத்து ஊரான வேலணைக்காரர், வெகுகாலம் முன்பே திருச்சியில் பெண் எடுத்துத் தங்கியவர். ஊர்க்காரன் என்ற ஒரே தகுதிக்காக என்னை வேலைக்கு வைத்தார்.

என் சித்தாந்தத்தை உடைத்தது பக்கத்து மளிகை மொத்தக்கடைக்காரர். வருட விற்பனை நாற்பது லட்சத்தைத் தாண்டினால் பட்டயக் கணக்காளரைக் கொண்டு கட்டாயம் தணிக்கை செய்ய வேண்டும் என்று புதுச் சட்டம் வந்திருக்கிறதாம். டாக்டர், வக்கீல் என்றால் வரவு பத்து லட்சத்தைத் தாண்டினாலே போதுமாம். ரொக்கமோ கடனோ, விற்றதெல்லாம் சேருமாம். தணிக்கை செய்யாவிட்டால் விற்பனையில் நூற்றுக்கு அரை ரூபாய் அபராதம்.

அன்றைக்கே பேரேட்டைக் கூட்டினேன். முப்பத்தொன்பதே முக்கால் லட்சம். மார்ச் முடிய ஒன்பது நாள் இருந்தது.

நான் பயந்தது முதலாளியின் அபராதத்துக்காக அல்ல. வெளிநாட்டவர் பதிவுத் தாளை நான் புதுப்பிக்காமல் பெட்டிக்குள் போட்டிருந்தேன். தணிக்கை என்றால் அதிகாரிகள் வருவார்கள், கணக்கு எழுதியவன் யார் என்பார்கள், என்னை அகதி முகாமுக்கு ஏற்றுவார்கள். ஒரு கணக்காளர் பேனாவோடு வந்து கூட்டிப் பார்த்துவிட்டுப் போகும் காரியத்தை, என் மூளை ஜீப்பும் துப்பாக்கியுமாக வளர்த்துவிட்டது.

முதலாளியிடம் போய், "ஒண்டாம் தேதி வரைக்கும் புதுச் சரக்கு எடுக்க ஏலாது" என்றேன்.

"என்ன காணும் சொல்லுறீர்? வெங்காயம் வாற நேரத்தில மண்டியைப் பூட்டுறதோ?"

"சட்டம், முதலாளி. தாண்டினா அபராதம்."

"ஓடிட்டரை ஒருக்காக் கேட்டீரோ?"

"ஓம், கேட்டனான்." கேட்கவில்லை. கேட்டால் அந்தத் தணிக்கையாளர் வந்துவிடுவார் என்று பயம். முதலாளி என் சொல்லை நம்பினார்.

இரண்டாம் நாள் துறையூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர் இருபது மூட்டை சின்ன வெங்காயத்தோடு வாடகை வண்டியில் வந்து இறங்கினார். பதினோரு வருடமாக எங்கள் மண்டிக்குத்தான் போடுபவர். சரக்கை நாங்கள் அவர் பெயரில் விற்று, எங்கள் கமிஷனைக் கழித்துக்கொண்டு, பட்டியலோடு மீதியைக் கொடுப்போம்.

"இன்னிக்கு எடுக்கலைங்க" என்று அவர் பாஷையிலேயே சொல்லிப் பார்த்தேன்.

"ஏன் சார், வெங்காயத்துல எதுனா குறையா?"

"குறை இல்லை. சட்டம்."

"என் வெங்காயத்துக்கு எதுக்கு சார் சட்டம்?"

பதில் தெரியாதவன் சிரிப்பான். நான் சிரித்தேன். அவருக்கு அது நக்கலாகப் பட்டிருக்க வேண்டும். வண்டிக்காரன் திரும்ப வேண்டுமென்று மூட்டைகளை வாசலில் தள்ளிவிட்டுப் போய்விட்டான். மற்ற மண்டிகளில் காலை ஏலம் முடிந்திருந்தது. வெயில் ஏற ஏற, தள்ளுவண்டிக்காரர்களுக்குப் பாதி விலைக்குக் கொடுத்தார். அதையெல்லாம் நான் மேசையில் இருந்தபடி, பேரேட்டில் எதையோ தேடுகிறவன் போலப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏப்ரலில் முதலாளி என்னைக் கணக்குப் புத்தகங்களோடு ஓடிட்டரிடம் அனுப்பினார்.

"நாற்பதைத் தாண்டவிடவில்லை, ஐயா" என்றேன், மெடல் எதிர்பார்க்கிற குரலில்.

அவர் புத்தகத்தைப் புரட்டினார். "வெங்காயம் யாரோடது?"

"விவசாயியோடது."

"விலை விழுந்தா நஷ்டம் யாருக்கு?"

"அவருக்குத்தான்."

"அப்புறம் எதுக்குங்க முழு விற்பனையையும் கூட்டினீங்க? சொந்தமா வாங்கி விக்கிற மளிகைக்காரருக்கு அது சரி. நீங்க வெறும் ஏஜென்ட். கமிஷன்தான் உங்க விற்றுமுதல். வருமானவரி போர்டு சுற்றறிக்கையே போட்டிருக்காங்க. உங்க கமிஷன் எவ்வளவு?"

"இரண்டரை லட்சம்கூட வராது."

"நாற்பது எங்க, இரண்டரை எங்க. இன்னும் பதினஞ்சு மடங்கு வித்தாலும் உங்களுக்குத் தணிக்கை வராது."

அவர் என் பதிவுத் தாளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்படி ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது.

முதலாளியிடம் பாதியைச் சொன்னேன். சட்டத்தைப் பிழையாக விளங்கிவிட்டேன் என்ற பாதி. மற்றப் பாதி எனக்குள்ளேயே கிடந்தது. அவர் வைதிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். "சரி, உமக்கு என்ன தெரியும், பாவம்" என்றுவிட்டார்.

அந்த வருடமும் அதற்கடுத்த வருடங்களிலும் எங்கள் மண்டிக்குத் தணிக்கை தேவைப்படவில்லை. துறையூர்க்காரர் தன் வெங்காயத்தை எதிர் மண்டியில் போட்டார்.