லேபிள் தாளின் மை வாசனை

பி.எட். படிக்கும்போது கல்வி உளவியல் தேர்வில் நான் ஃபெயில். அதிலும் கோட்டை விட்டது எந்தப் பாடத்தில் தெரியுமா? 'நினைவும் மறதியும்.' கேட்டவர்களெல்லாம் சிரித்தார்கள். சிரிக்காமல் என்ன செய்வார்கள்?

இரண்டாயிரங்களின் தொடக்கம் அது. சிவகாசியில் பட்டாசு லேபிள் அச்சடிக்கும் ஒரு பிரஸ்ஸுக்கு மேல்மாடியில் எங்கள் வீடு. கீழே மெஷின் ஓடினால் தரை லேசாக அதிரும். மை வாசனையும், ரோலர் கழுவும் மண்ணெண்ணெய் வாசனையும் படியேறி வரும். அந்த மாடியில் ஒரே மூலையில் உட்கார்ந்துதான் வருஷம் பூராவும் படித்தேன். தேர்வோ விருதுநகரில். உயரமான கூரை, வெள்ளைச் சுவர், ஃபேன் சத்தத்தைத் தவிர வேறு சத்தமில்லை. நாலு விடை கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்ன கேள்விகளில் தடுமாறவில்லை. கண் முன்னால் இருந்தால் விடையை அடையாளம் தெரிந்துவிடுகிறது. நானே யோசித்து எழுத வேண்டிய கட்டுரைக் கேள்வி வந்ததும் மண்டை காலி.

சாயங்காலம் வீட்டுப் படியேறிச் செருப்பைக் கழற்றும் முன்பே முழு விடையும் வந்து நின்றது. "இம்புட்டு நேரமா எங்க போயிருந்த?" என்று வாய்விட்டே திட்டினேன். யாரைத் திட்டுகிறேன் என்று அம்மா எட்டிப் பார்த்தாள்.

சூலக்கரைப் பக்கம் ஒரு பள்ளியில் எனக்கு வேலை பேசி வைத்திருந்தார்கள். அரியரை முடித்தால் வேலை, இல்லையென்றால் வேறு ஆள் என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள். அந்தப் பயத்துக்கு நடுவிலும், விடை ஏன் படிக்கட்டில் காத்திருந்தது என்பது என்னைக் குடைந்துகொண்டே இருந்தது.

கூடப் படித்த தோழி ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்தாள். இருவரும் சோதித்துப் பார்த்தோம். எங்கள் மாடியில் வைத்து இரண்டு வார்த்தைப் பட்டியல்களை எனக்கு வாசித்தாள். ஒன்றைக் கொஞ்ச நேரம் கழித்து அங்கேயே கேட்டாள். மற்றதை, அதே அளவு நேரம் கழித்து, சர்ச் பள்ளிக்கூட வராந்தாவில் கேட்டாள். வராந்தாவில் குறைவாகத்தான் வந்தது. ரொம்பக் குறையவில்லை, ஆனால் குறைந்தது.

"கண்ண மூடிக்கிட்டு ஒங்க மாடிய நெனச்சுப் பாரு" என்றாள். மெஷின் சத்தத்தை நினைத்தேன். விட்டுப்போன இரண்டு மூன்று வார்த்தைகள் வந்து விழுந்தன.

"ஏட்டி, பாடம் மட்டும் தனியா மண்டைக்குள்ள போகல. சத்தம், வாசன, செவுரு எல்லாத்தையும் சேத்துக் கட்டிக்கிட்டுத்தான் போகுது. கூடப் போனது எதையாவது பிடிச்சு இழுத்தாத்தான் பாடமும் வரும். இனிமே அந்த ஒத்த மூலையில குத்தவச்சுப் படிக்காத. இடம் மாத்தி மாத்திப் படி. அப்ப எந்த எடத்தையும் நம்பி இருக்க வேண்டாம்."

நான் சொன்ன பேச்சுக் கேட்கிற ஆளா? இடத்தை மாற்றுவானேன், வாசனையையே கையோடு கொண்டுபோனால் போச்சு என்று நினைத்தேன். எங்கள் தெருவில் கழிவு லேபிள் தாள் இல்லாமல் எந்தக் காரியமும் நடக்காது. புத்தகத்துக்கு அட்டை அதுதான், முறுக்கு மடிக்க அதுதான், எழுதும்போது அடியில் வைப்பதும் அதுதான். அரியர் அன்று, அப்போதுதான் அச்சான தாள் ஒன்றை மடித்து விடைத்தாளுக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

கண்காணிப்பாளர் பார்த்துவிட்டார். வயதானவர், கண்ணாடி போட்டவர். தாளை உருவினார்.

"என்னம்மா இது, பிட்டா?"

"இல்ல சார். வாசனைக்கு."

ஹாலே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். ஒரு பக்கம் புஸ்வாணப் படம், மறுபக்கம் வெறும் வெள்ளை. "எழுதும்மா" என்று சொல்லிவிட்டுத் தாளைத் தன் மேஜைக்குக் கொண்டுபோய்விட்டார்.

வேலை போச்சு என்றே முடிவு கட்டினேன். அப்புறம்தான் வராந்தா ஞாபகம் வந்தது. கண்ணை மூடினேன். படியேறினேன், செருப்பைக் கழற்றினேன், மூலையில் உட்கார்ந்தேன். தரை அதிர்ந்தது. முதல் வரி வந்தது, அதைப் பிடித்துக்கொண்டு அடுத்தது வந்தது. மணி அடிக்கும்வரை எழுதினேன். அந்த அரியரில் பாஸாகி சூலக்கரை வேலைக்கும் போய்ச் சேர்ந்தேன். இன்றுவரை என் வகுப்புப் பிள்ளைகளை ஒரே இடத்தில் படிக்க விடுவதில்லை.

அன்று விடைத்தாளைக் கொடுக்கப் போனபோது கண்காணிப்பாளர் என் லேபிள் தாளை மூக்கருகே பிடித்திருந்தார். அவருக்கு எந்தப் பாடம் ஞாபகம் வருகிறதோ என்று எனக்குள் ஒரு குறும்பு.

"என்னப் பெத்த அய்யா பிரஸ்ல மெஷின் ஓட்டுனவரும்மா" என்றார். "சட்டையெல்லாம் இந்த வாசனதான். அவரு போயி முப்பது வருசமாச்சு. மொகமே மறந்துபோச்சுன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

தாளை நீட்டினார். நான் கை நீட்டவில்லை.

"நீங்களே வச்சுக்கோங்க சார்."

நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.