இருநூறு கிலோ தாங்கும் பிராக்கெட்

அண்ணிக்கு யாரையும் எளிதில் பிடிக்காது. ஏசி மாட்டக் கூப்பிட்டுவிட்டு ஏணி வைக்கும் இடத்தில் காரை நிறுத்தி வைப்பவர்களைப் பிடிக்காது. "ரெண்டு ஆணி அடிக்கிற வேலைதானே" என்பவர்களைக் கண்ணெடுத்தும் பார்க்கமாட்டாள். ஏசிக் கடையில் உட்கார்ந்து போன் எடுப்பது கணவன், ஏணி ஏறுவது அவள். வாடிக்கையாளர்கள் அவளுக்கு முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர் முறைப்பு. அது காதில் விழுந்தபோதும் அவள் முறைக்கத்தான் செய்தாள்.

ஆனால் அவளுடைய இளக்காரத்தில் பெரும்பங்கு கொழுந்தனுக்கு என்றே ஒதுக்கி வைத்திருந்தாள். கணவனின் தம்பி. கடையில் கூட்டாளி என்று சொல்லிக்கொள்வான். வீட்டு ஹாலை மொத்தமாகப் பிடித்து வைத்திருந்தான். காய்ந்த துண்டு ஒரு நாற்காலியில், ஈரத்துண்டு இன்னொரு நாற்காலியில், நடுவில் அவன். அவனுக்கு ஒரு கல்யாணத்தை முடித்துத் தனிக்குடித்தனம் அனுப்பிவிட்டால் தன் வீடு தனக்குத் திரும்பிவிடும் என்று அவள் ஒற்றைக்காலில் நின்றாள். தேடித் தேடி ஒரு பெண்ணையும் பிடித்துவிட்டாள். பெண் வீட்டில் சம்மதம். தேதி குறிப்பதுதான் பாக்கி.

அந்த நேரம் பார்த்துத்தான் பெண்ணின் அப்பா போன் செய்தார்.

"மாப்பிள்ளை மாட்டிக் குடுத்த ஏசி இருக்குல்லம்மா, வெளிப்பெட்டி கடகடன்னு சத்தம் போடுது. லேசா முன்னாடி சாஞ்ச மாதிரியும் இருக்கு."

அண்ணிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நீ எப்படா அங்க ஏசி மாட்டுன?"

"சர்ப்ரைஸா இருக்கட்டும்னு..." கொழுந்தன் இளித்தான். "அது கேஸ் சத்தம் அண்ணி. போகப்போகச் சரியாயிடும்."

"கேஸுக்கு எங்க சாயுற பழக்கம் வந்துச்சு? கிளம்பு."

பெண் வீட்டு மாடி அறையின் வெளிச்சுவரில் பெட்டி தொங்கிக்கொண்டிருந்தது. நேர் கீழே துணி துவைக்கும் இடம். பெண்ணின் அம்மா அங்கேதான் முக்காலி போட்டு உட்கார்ந்து, தலைக்கு மேல் முப்பத்தைந்து கிலோ ஆடுவது தெரியாமல் போர்வைக்குச் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அம்மா, கொஞ்சம் இந்தப் பக்கம் வாங்க. துணி கிடக்கட்டும்."

அண்ணி முதலில் ஏசியை நிறுத்தச் சொன்னாள். மொட்டைமாடித் தண்ணீர்த்தொட்டியின் தூணிலிருந்து கயிறு இறக்கிப் பெட்டியைக் கட்டினாள். அதற்குப் பிறகுதான் ஏணியில் ஏறினாள். சுவரை விரல் முட்டியால் தட்டினாள். பானையைத் தட்டியதுபோல் சத்தம் வந்தது.

"சார், இது ஹாலோ பிரிக்கா?"

"ஆமாம்மா! கல்லுக்குள்ள ஓட்டை. வெயிலே உள்ள வராது," என்றார் கீழே நின்ற பெண்ணின் அப்பா, ஓட்டையைத் தானே கண்டுபிடித்த பெருமையோடு.

வெயில் வராத வீட்டுக்கு ஏசி எதற்கு என்று அண்ணி கேட்கவில்லை. வாய்வரை வந்ததை முழுங்கிக்கொண்டாள்.

பிராக்கெட்டுகள் தடித்த இரும்பு. குறையே சொல்ல முடியாது. ஆனால் மேல் போல்ட்டுகள் இருக்கும் பக்கம் இரும்புக்கும் சுவருக்கும் நடுவே ஒரு விரல் நுழையும் இடைவெளி. போல்ட்டைச் சுற்றி வெள்ளைச் சிமெண்டைக் குழைத்துப் பூசியிருந்தான், முகப்பருவுக்குப் பவுடர் அடித்ததுபோல்.

"இத ஏன் பூசுன?" மாடி ஜன்னலில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த கொழுந்தனிடம் கேட்டாள்.

"போல்ட்டு டைட்டே ஆகல அண்ணி. சுத்திக்கிட்டே இருந்துச்சு. நானும் விடல, நல்லா சுத்தினேன்."

"சுத்திக்கிட்டே இருந்தா அதுக்குப் பிடிமானம் இல்லன்னு அர்த்தம்டா! ஓட்டையும் அடிச்சு அடிச்சுத்தான் போட்டியா?"

"டிரில்லுல சுத்தியல் மோடு எதுக்கு இருக்கு?"

அண்ணி ஏணியிலேயே கண்ணை மூடித் திறந்தாள். அவன் போட்டது முறுக்க முறுக்க விரியும் போல்ட். கெட்டிச் சுவரில் அது விரிந்து கவ்விக்கொள்ளும். இந்தக் கல்லிலோ, விரல் தடிமன்கூட இல்லாத ஓட்டுக்குப் பின்னால் வெறும் காற்று. அடித்து ஓட்டை போட்டபோதே அந்த ஓடு நொறுங்கியிருக்கும். மிச்சத்தைப் போல்ட் விரிந்து உடைத்திருக்கும்.

இப்போது அவள் என்ன சொல்வது? உண்மையைச் சொன்னால் மாப்பிள்ளையின் சாயம் வெளுத்துவிடும், சம்பந்தம் முறியும், ஹால் போச்சு. கேஸ் சத்தம்தான் என்று மழுப்பிவிட்டு, இன்னொரு நாள் ரகசியமாக வந்து சரிசெய்யலாம். கீழே பார்த்தாள். அந்த அம்மா முக்காலியைத் திரும்ப இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"சார், இது தாங்காது. விழுந்துடும். நாங்க மாட்டுனது தப்பு."

பெண்ணின் அப்பா மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளைக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"மாமா, இவங்க சும்மா பயமுறுத்துறாங்க. பிராக்கெட்ல இருநூறு கிலோன்னு அடிச்சே இருக்கு, பாருங்க! நான் எம்பது கிலோ. நானே தொங்கிக் காட்டவா?" சொல்லிக்கொண்டே மாடி ஜன்னல் வழியாகக் காலை வெளியே போட்டுவிட்டான்.

"காலை உள்ள எடுடா!" அண்ணி போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு ஜன்னல்கள் திறந்தன. "இருநூறு கிலோ அந்த இரும்போட சத்து. சுவரு என்னைக்கு அதுல கையெழுத்துப் போட்டுச்சு?"

கையை நீட்டி, மேல் போல்ட்டின் தலையை இரண்டு விரலால் பிடித்து இழுத்தாள். செங்கல் தூளோடு அது கையோடு வந்துவிட்டது. பெட்டி கயிற்றில் கனத்தது.

கொழுந்தன் காலை உள்ளே எடுத்துக்கொண்டான்.

"கீழ் போல்ட்டுக்குப் பெருசா வேலை இல்ல சார். பெட்டியோட பாரம் பிராக்கெட்டோட கீழ்ப்பக்கத்த சுவத்துல அமுக்கும். மேல்பக்கத்ததான் வெளிய பிடுங்கும். அங்க பிடிமானம் போனா எல்லாம் போச்சு."

பிறகு அண்ணி வேலையில் இறங்கினாள். ஏசியைக் கொஞ்ச நேரம் மறுபடி ஓடவிட்டுக் கேஸைப் பெட்டிக்குள்ளேயே இழுத்து அடைத்தாள், குழாய்களைக் கழற்றினாள், கொழுந்தனையும் பெண்ணின் அப்பாவையும் மொட்டைமாடியில் கயிறு பிடிக்கச் சொல்லிப் பெட்டியை இறக்கினாள். நொறுங்கிய இடத்தை விட்டுத் தள்ளி, சுத்தியல் மோடு இல்லாமல் பொறுமையாகத் துளை போட்டாள். தூளை ஊதி எடுத்தாள். ஒவ்வொரு துளையிலும் சல்லடைபோல் கண்கண்ணாக இருக்கும் குழாயைச் செருகி, பசையை அடைத்து, மரை போட்ட கம்பியைத் திருகி உள்ளே விட்டாள். சல்லடைக் கண் வழியாகப் பசை பிதுங்கி, கல்லின் வெற்றிடத்துக்குள் கட்டியாக இறுகும். அந்தக் கட்டிதான் பிடிமானம். இறுகும்வரை அதன்மேல் ஒரு ஈகூட உட்காரக்கூடாது என்றாள். பசைக்குழாயில் போட்டிருந்த நேரத்தையும் படித்துக் காட்டினாள்.

எல்லோரும் கீழே வந்து காத்திருந்த நேரத்தில் பெண்ணின் அப்பா பேச ஆரம்பித்தார்.

"ஏம்மா, இவனை நம்பியா என் பொண்ணக் குடுக்கச் சொல்ற?"

அண்ணிக்குப் பொய் வரவில்லை. "வேலை தெரியாது சார். வாய் பெருசு. ஆனா கெட்டவன் இல்ல," என்றாள். தரகுப் பேச்சாக அது படுமோசம் என்று அவளுக்கே தெரிந்தது. கொழுந்தன் போர்வை ஊறும் வாளியையே பார்த்துக்கொண்டு நின்றான். அவன் அப்படித் தலைகுனிந்து நின்று அவள் பார்த்ததே இல்லை. பாவமாக இருந்தது. அதற்காக அவன்மேல் இன்னும் கோபம் வந்தது.

அதுவரை மாடியில் பக்கத்து ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த பெண் இறங்கி வந்தாள். அவனிடம் போகவில்லை, நேராக அண்ணியிடம் வந்தாள்.

"அக்கா, நீங்க மறைச்சிருக்கலாம்ல?"

"மறைச்சிருக்கலாம். உங்கம்மா கீழ உக்காந்திருந்தாங்க."

பெண் தலையாட்டினாள். அப்பாவிடம் திரும்பினாள். "எனக்குச் சம்மதம்பா."

அண்ணிக்கு நெஞ்சு குளிர்ந்தது. ஹால் கண்முன் விரிந்தது.

"ஆனா தனிக்குடித்தனம் வேணாம். ஜன்னல்லேர்ந்து தொங்கப் போன ஆளு. நான் மட்டும் தனியா வச்சுக்கிட்டு என்ன பண்ண? அக்கா வீட்லயே இருந்துக்கறோம். ரெண்டு பேரு பாத்துக்கிட்டாத்தான் சரிப்படும்."

கண்முன் விரிந்த ஹால் அப்படியே சுருங்கிப் போனது. பெண்ணின் அப்பா, பெரிய சிக்கலைத் தீர்த்தவர்போல், "அதுவும் நியாயம்தான்," என்றார்.

கொழுந்தன் மெல்ல நிமிர்ந்தான். "அண்ணி, பசை இறுகிருக்குமா?"

அண்ணி அவனை முறைத்தாள்.

"தொட்டுடாத. அந்தப் பக்கம் போய் நில்லு."