கருதுகோளுக்கு முன் ஒரு வாதம்

அறுபதுகளில் திருச்சிக் கல்லூரி ஒன்றில் வணிகவியல் கற்பித்தேன். தொழிலாளர் வேலைக்கு வராமல் போவது பற்றி எங்கள் துறைத் தலைவரும் நானும் எழுதிய கட்டுரையை ஒரு மேலாண்மை இதழ் திருப்பி அனுப்பியது. திருத்த ஒரே ஒரு வாய்ப்பு. மூன்று கருதுகோள்களையும் கடைசியில் மளிகைச் சீட்டு போல அடுக்கியிருந்தோம். எது எதிலிருந்து வருகிறது என்றே தெரியவில்லையாம்.

அந்தச் சீட்டைக் கலைத்து, ஒவ்வொரு கருதுகோளுக்கும் முன் அதற்கான வாதத்தை எழுதினேன். தொழிலாளியைக் கேட்டு ஷிப்ட் ஒதுக்கினால், அது அவரே ஒப்புக்கொண்ட நேரமாகிறது. ஒப்புக்கொண்டதை மீற மனம் கூசும். ஆகவே, கேட்கப்பட்டவர்கள் வராத நாட்கள் குறையும். இது முதல் கருதுகோள். ஆனால் தொலைவிலுள்ள திருவெள்ளறையிலிருந்து வருபவர் பஸ்ஸைத் தவறவிட்டால், மனம் கூசியும் பயனில்லை. ஆகவே, தொலைவு கூடக்கூட அந்தப் பலன் குறையும். இது இரண்டாவது.

படித்தவர் ஒழுங்காக வருவார் என்ற மூன்றாவதற்கு முன்னால் எழுத ஒரு வரிகூடக் கிடைக்கவில்லை. அது தலைவர் சேர்த்தது.

"படிச்சவன் வருவான்யா. இதுக்கு வாதம் வேறயா?" என்றார்.

"நீங்க எம்.ஏ. சார். போன மூணு மீட்டிங்குக்கும் வரலையே."

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, தாமே அந்த மூன்றாவது கருதுகோளை அடித்து நீக்கினார். கட்டுரை அச்சேறியது. பின்னாளில் எத்தனையோ கல்லூரிக் கோப்புகளில் 'ஆகவே' என்று எழுதியிருக்கிறேன். முன்னால் வாதம் வைத்து, அந்தச் சொல்லுக்குரிய தகுதியோடு எழுதியது அந்தக் கட்டுரையின் இரண்டு இடங்களில்தான்.