பைசா பிசகாத முந்திரிக் கணக்கு

அரியலூர் ஆடிட்டர் ஆபீஸில் வெகுநாளாகக் குப்பை கொட்டும் நர்மதாவுக்கு, கணக்கு ஒரேயடியாக ஒத்துப்போனால்தான் சந்தேகம் வரும்.

உடையார்பாளையத்தில் ஆன்லைனில் முந்திரி விற்கும் ராஜவேல், கால் கிலோவும் அரைக் கிலோவுமாகப் போன ஆயிரக்கணக்கான ஆர்டர்களின் விற்பனைப் பட்டியலை நீட்டினார். வருட மொத்தம், வாடிக்கையாளர்கள் ஆன்லைனில் கட்டிய பணத்தை வாங்கி பேமென்ட் கேட்வே நிறுவனம் அவர் வங்கிக் கணக்கில் போட்ட தொகையோடு அச்சு அசலாக ஒத்திருந்தது.

"ஒரு பைசா பிசகாதுங்க மேடம்." மாலைக்குக் கழுத்தை நீட்டுபவர்போல நின்றார்.

"கேட்வேகாரன் கமிஷனும் ஜிஎஸ்டியும் புடிச்சிட்டுத்தானே மிச்சத்த அனுப்புவான்? மார்ச் கடைசி நாள் வித்த காசு ஏப்ரல்லதானே பேங்குக்கு வரும்? அப்புறம் எப்படி சார் ஒத்துப்போச்சு?"

"மொதல்ல ஒத்துவரலீங்க. விற்பனதான் கூட நின்னுச்சு. அதான் பேங்க் தொகைக்கு வர்ற வரைக்கும் ஆர்டரா பாத்து அழிச்சுட்டேன். உங்களுக்கு வேல மிச்சமாகட்டுமேன்னு."

நர்மதா, ஆர்டர்வாரியாக எவ்வளவு பிடித்து எவ்வளவு அனுப்பியது என்று காட்டும் கேட்வேயின் செட்டில்மென்ட் அறிக்கையை ஏப்ரல் வரைக்கும் இறக்கித் திறந்தாள். அவர் அழித்த ஆர்டர்கள் அத்தனையும், பிடித்த கமிஷனோடு, வரிசையாக உட்கார்ந்திருந்தன.

அவர் மிச்சப்படுத்திக் கொடுத்த வேலை முடிய ஒரு மாதமாயிற்று.